ஆளில்லாமல் ஓடும் ஸ்லைடுகள்: எழுத்தா, குரலா?

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் விற்பனை அறை. சுவரில் டிவி, அதில் பழம் பறிப்பதிலிருந்து வறுப்பது வரை 8 ஸ்லைடுகள் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். பக்கத்தில் நின்று விளக்க ஆள் கிடையாது. படத்துக்குக் கீழே எழுதி வைப்பதா, குரல் பதிவு செய்வதா? பார்ப்பவர் எப்போது உள்ளே வருகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும்.

விற்பனை அறைக்கு வருபவர் பாதியில்தான் நுழைவார். ஐந்தாவது ஸ்லைடு அவருக்கு முதல் ஸ்லைடு. அதனால் “அடுத்து இது இயந்திரத்தில் போடப்படுகிறது” என்று எழுதினால் அவருக்கு எதுவும் விளங்காது. எது அடுத்து, எது இது? அதையே இப்படி எழுதலாம்: “பறித்த அன்றே பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரம். தாமதித்தால் பழம் புளித்து, சுவை கெடும்.” முன்பின் தெரியாதவருக்கும் புரியும். மொத்தம் 12 சொற்கள். ஒரு ஸ்லைடுக்கு இதற்கு மேல் போகக் கூடாது. நம் சொற்கள் நீளமானவை. பெரிய எழுத்தில் வைத்தால் இதுவே இரண்டு மூன்று வரி பிடிக்கும். வரியை எங்கே உடைப்பது என்பதையும் பவர்பாயிண்ட் மென்பொருளிடம் விடாமல், Shift+Enter அழுத்திப் பொருள் முடியும் இடத்தில் நாமே உடைக்க வேண்டும். “பழத்தின்” ஒரு வரியிலும் “தோலை” மறு வரியிலும் போனால் கண் தடுமாறும்.

நேரத்தை ஊகித்து வைக்காதீர்கள். வாய்விட்டு, நிதானமாக இரண்டு முறை படித்து அளந்து பாருங்கள். மேலே உள்ளதற்குச் சுமார் 15 விநாடி வரும். ஒரு தடவை படிக்க, ஒரு தடவை படத்தைப் பார்க்க என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு ஸ்லைடும் இரண்டே நிமிடத்தில் சுற்றி வந்துவிடும் என்பதால், தவறவிட்டதற்காகக் காத்திருக்கவும் மனம் வரும்.

குரலின் பலம் வேறு. காரணத்தைக் கோர்வையாகச் சொல்ல அதுவே ஏற்றது. அதே ஸ்லைடுக்குக் குரல்: “பழத்துக்குள் இரண்டு கொட்டைகள். தோலை உரித்த பிறகும் அவற்றின்மேல் வழவழப்பு ஒட்டியிருக்கும். தொட்டியில் போட்டுவைத்தால் அது நொதித்துக் கழன்றுவிடும். விரலால் தேய்க்கும்போது கொட்டை சொரசொரப்பாக இருந்தால் கழுவலாம்.” இதை எழுத்தாக வைத்தால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். காதில் விழும்போது 13 விநாடியில் முடிந்துவிடுகிறது, மனதிலும் நிற்கிறது.

ஆனால் மே மாதக் கூட்டத்தில் அந்தக் குரல் கேட்காது. அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு நிமிடப் பதிவு மணிக்கு 30 முறை ஓடும். கடையில் வேலை செய்பவர் ஒலியைக் குறைத்துவிடுவார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒலி போனதும் குரலை நம்பிய ஸ்லைடுகள் வெறும் படங்கள் ஆகிவிடும். எழுத்துக்கு இந்த ஆபத்து இல்லை. அதனால் விற்பனை அறைக்கு எழுத்துதான். தோட்டம் சுற்றிப் பார்க்கக் கிளம்புமுன் பத்துப் பேரை உட்கார வைத்துக் காட்டும் தனி அறை இருந்தால், அங்கே குரல்.

இரண்டையும் சேர்க்கலாம், ஆனால் எழுதியதையே வாசிக்கக் கூடாது. கண் குரலை முந்திப் படித்து முடித்துவிடும். மீதி நேரம் சலிப்புதான். “பல்ப்பர்: பறித்த அன்றே” என்று பெயரையும் நேரத்தையும் எழுத்தில் வையுங்கள், ஏன் என்பதைக் குரல் சொல்லட்டும்.

பதிவு செய்யும்போது கவனிக்க: பவர்பாயிண்ட் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்கிறது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடைவெளியில் பேசுவது பதிவாகாது. முதல் சொல் வெட்டுப்படுவது இதனால்தான். ஸ்லைடு முழுதாக வந்த பிறகு ஒரு விநாடி விட்டுத் தொடங்குங்கள், வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தனித்தனிப் பதிவில் ஒரு வசதியும் உண்டு: ஒரு தகவல் மாறினால் அந்த ஸ்லைடை மட்டும் மறுபடி பேசினால் போதும்.

எந்த வழியானாலும் Set Up Slide Show பகுதியில் Browsed at a kiosk தேர்ந்தெடுங்கள். Esc அழுத்தும்வரை சுற்றும். Transitions பகுதியில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் After நேரம் கொடுத்தாக வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் காட்சி அங்கேயே நின்றுவிடும், மவுஸைச் சொடுக்கினாலும் நகராது. வீடியோவாக மாற்றி டிவியில் பென்டிரைவ் செருகினால் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியும் தொல்லை இருக்காது. ஆனால் நேரம் குறிக்காத ஸ்லைடுக்கு அங்கே இயல்பாக 5 விநாடிதான் கிடைக்கும். 12 சொல்லை அதற்குள் யாராலும் படித்து முடிக்க முடியாது.

முடித்ததும் ஒலியை அணைத்து, ஐந்தாவது ஸ்லைடிலிருந்து ஓடவிட்டு, காப்பி பற்றித் தெரியாத ஒருவரை நிற்க வையுங்கள். அவர் எந்த ஸ்லைடில் “இது என்ன?” என்று கேட்கிறாரோ அதைத் திருத்தி எழுதுங்கள்.