தாத்தாவின் செக்கா, பாட்டில் அடியில் நிற்கும் வண்டலா?

காங்கேயம் பக்கம் மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டி விற்கும் ஒருவர், கோயம்புத்தூரில் ஒரு சின்ன விளம்பர ஏஜென்சியிடம் இரண்டு நிமிட பிராண்ட் படம் பற்றிப் பேசப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒரு கருவைத்தான் கொண்டுபோவார்கள்: ஆரோக்கியம், பாரம்பரியம், தயாரிக்கும் விதம்.

ஆரோக்கியத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். "மாரடைப்பு வராது, சர்க்கரை குறையும்" என்று ஓர் எண்ணெய்க்குச் சொல்ல முடியாது. உணவு விளம்பரங்களுக்கான 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், ஓர் உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று பொதுவாகச் சொல்ல இடம் தருவதில்லை. விவரம் தெரிந்த ஏஜென்சி முதல் சந்திப்பிலேயே இதை மறுத்துவிடும். மறுக்காத ஏஜென்சியிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

பாரம்பரியக் கருவை விடுவது கடினம், ஏனென்றால் அதில் உண்மையான பாசம் இருக்கிறது. தாத்தா, மாடு சுற்றும் கல்செக்கு, பழைய புகைப்படம், அப்புறம் பேரன் தொழிலைக் கையில் எடுப்பது. ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள். இன்றைக்குச் செக்கை ஓட்டுவது பெரும்பாலும் மோட்டார். படத்தில் மாட்டைக் காட்டிவிட்டால், கடைக்கு நேரில் வருபவர் மாடு எங்கே என்று கேட்பார். மாட்டைப் படம்பிடிக்க விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதியும் வாங்க வேண்டும். சின்ன பட்ஜெட்டுக்கு அதன் நேரமும் செலவும் பெரிய சுமை. இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. படத்தின் கடைசியில் வரும் பெயரை எடுத்துவிட்டு, அடுத்த ஊர் செக்குக்காரர் பெயரைப் போட்டுப் பாருங்கள். படம் அப்படியே பொருந்தும். அவருக்கும் ஒரு தாத்தா இருந்தார்தானே.

தயாரிக்கும் விதத்தைக் காட்டும் கருவும் பாதி வழியில் கெட்டுப்போகக்கூடியதுதான். கடலை கொட்டுகிறார்கள், உலக்கை சுற்றுகிறது, எண்ணெய் வழிகிறது, பாட்டில் நிரம்புகிறது. இது ஆலையைச் சுற்றிக் காட்டும் படம், அவ்வளவுதான். நடுவில் எந்த ஷாட்டை எடுத்துவிட்டாலும் யாருக்கும் தெரியாது என்றால், அங்கே கரு இல்லை என்று அர்த்தம். காட்சிகளை இழுத்துக்கொண்டு போக ஒரு கேள்வி வேண்டும்.

அந்தக் கேள்வி உரிமையாளரின் போனிலேயே இருக்கும். செக்கு எண்ணெய் விற்பவர்களுக்கு அடிக்கடி வரும் புகார்: "பாட்டிலுக்கு அடியில ஏதோ படிஞ்சிருக்கே, கலப்படமா?" ஆட்டும்போது எண்ணெயோடு வரும் கடலையின் நுண்ணிய துகள்கள் அவை. எண்ணெயைப் பாத்திரத்தில் வைத்து நாள்கணக்கில் தெளியவிட்டு வடிகட்டுவார்கள். அப்படியும் கொஞ்சம் மிஞ்சும். சுத்திகரிப்பு ஆலையில் போவதைப் போல முழுக்கப் போகாது. படம் இந்தப் போன் அழைப்பில் தொடங்கட்டும். அழைத்த பெண்மணியைச் செக்கடிக்கே வரச் சொல்கிறார் உரிமையாளர். ஆட்டியதும் வரும் கலங்கல் எண்ணெயையும் சில நாள் தெளிந்த எண்ணெயையும் இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். படத்தின் மையம் அந்த ஒரு ஷாட்தான். தாத்தா வேண்டுமானால் சுவரில் புகைப்படமாக இருக்கட்டும்.

செலவிலும் இந்தக் கரு கைகொடுக்கும். ஒரே இடம், ஒரு நடிகை, உண்மையான உரிமையாளர். திட்டமிட்டால் ஒரே நாளில் படப்பிடிப்பை முடித்துவிடலாம். பாரம்பரியக் கருவுக்குப் பழைய காலத்து வீடு, உடை, கூடுதல் நடிகர்கள் எல்லாம் தேவைப்படும். போனில் சத்தமில்லாமல் பார்ப்பவருக்கும் இரண்டு டம்ளர் புரியும். அந்தக் காட்சியை மட்டும் வெட்டினாலே 15 விநாடி விளம்பரம் கிடைத்துவிடும்.

ஆனால் ஒரு வரம்பு உண்டு. வண்டல் இருப்பதே தூய்மைக்கு அத்தாட்சி என்று படம் சொல்லக் கூடாது, அது உண்மையில்லை. கலப்பட எண்ணெயிலும் வண்டல் இருக்கலாம். அதிக வண்டலோடு வறுத்தால் துகள் கருகும் என்பதையும் மறைக்க வேண்டாம். தெளிந்ததை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள் என்று உரிமையாளரே சொல்லட்டும். குறையைத் தானே சொல்லும் உரிமையாளரைப் பார்வையாளர் நம்புவார்.

சரி, ஏஜென்சிக்கு எதைக் கொண்டுபோவது? முழு ஸ்கிரிப்ட் வேண்டாம், அதை எழுதுவது அவர்கள் வேலை. ஒரு பக்கம் போதும்: புகார் என்ன, அதற்குப் பதில் என்ன, படம் எங்கே ஓடப் போகிறது, பட்ஜெட்டின் உச்சவரம்பு எவ்வளவு, எதைச் சொல்லக் கூடாது. வந்த புகார்களில் நாலைந்தைப் பெயர் நீக்கி அப்படியே அதில் சேர்த்துவிடுங்கள். கொட்டேஷன் வரும்போது செங்குத்து வடிவமும் சப்டைட்டிலும் அதில் அடக்கமா என்று பாருங்கள். எடிட் செய்யாத மூலக் காட்சிகள் உங்கள் கைக்கு வருமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் நல்லெண்ணெய்க்குப் படம் எடுக்கும்போது அதே செக்கை மறுபடி படம்பிடிக்கத் தேவையிருக்காது.