பாத்ரூம் ஹீட்டர்: சூடு பிரமாதம், கயிறுதான் தலைவலி

கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், "உங்க பாத்ரூம்ல சுவத்துல ஒரு ஹீட்டர் இருக்குமே, அது எப்படி? வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். போனில் சொல்லத் தொடங்கினால் கயிற்றைத் திட்டுவதிலேயே நேரம் போய்விடும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு உதகையில். பாத்ரூம் 4 அடிக்கு 7 அடி. ஒரு கோடியில் ஷவரும் கீசரும், மறுகோடியில் கதவு. ஹீட்டர் இரண்டு குவார்ட்ஸ் குழாய் உள்ளது, மொத்தம் 1200 வாட். கீழே தொங்கும் கயிற்றை ஒருமுறை இழுத்தால் ஒரு குழாய் எரியும், மறுமுறை இழுத்தால் இரண்டும் எரியும், மூன்றாவது இழுப்பில் அணையும். எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டாம். இந்த வகையில் நான் பார்த்தவை எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி விடியற்காலையில், வெளியே புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும்போது, கயிற்றை இழுத்த அரை நிமிடத்துக்குள் தோளிலும் முதுகிலும் வெயில் விழுகிற மாதிரி இருக்கும். இது அறையின் காற்றைச் சூடாக்குவதில்லை, எதிரே நிற்கிற ஆளைத்தான் சூடாக்குகிறது. அதனால் முன்கூட்டியே போட்டுவைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பாதத்துக்குச் சூடு வராது, கண்ணாடியில் ஆவி படிவதும் நிற்காது. ஹீட்டர் போட்டால் பாத்ரூம் காய்ந்துவிடும், பூஞ்சை வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு எக்ஸாஸ்ட் ஃபேன்தான் வழி.

எங்கே மாட்டுவது என்பதில்தான் முதல் சண்டை வந்தது. எலெக்ட்ரீஷியன் கீசருக்குப் பக்கத்திலேயே மாட்டலாம் என்றார், அங்கே ஏற்கெனவே 16 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறதாம். அவருக்கு வேலை மிச்சம். ஆனால் கீசருக்குப் பக்கம் என்றால் ஷவருக்கு நேர் மேலே. தடுப்போ தொட்டியோ இல்லாத ஷவரில், தண்ணீர் வரும் இடத்திலிருந்து 1.2 மீட்டர் வரைக்கும் தண்ணீர் தெறிக்கும் பகுதியாகவே கணக்கில் கொள்வது சர்வதேச ஒயரிங் விதிகளில் உள்ள வழக்கம். அதாவது சுமார் 4 அடி. எங்கள் பாத்ரூமில் அந்த வட்டத்தைத் தாண்டி மிஞ்சுவது கதவுப் பக்கத்து 3 அடி மட்டும்தான். அதனால் கதவுக்கு மேலே, டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து தனி ஒயர் இழுத்து மாட்டினோம்.

கதவுக்கு மேலே என்றதும் வேறு கணக்குகள் வந்தன. ஈரக்கை எட்டாத உயரம் வேண்டும். எங்கள் ஹீட்டரின் கையேடு தரையிலிருந்து 1.8 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது. மேல்தளத்திலிருந்து 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், முன்னால் ஒரு மீட்டருக்குள் துணி எதுவும் தொங்கக் கூடாது. துணிக்காக டவல் கம்பியைக் கழற்றி அடுத்த சுவருக்கு மாற்றினோம். மேல்தளம் பற்றிய எச்சரிக்கையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இப்போது பல வீடுகளில் பாத்ரூமுக்கு பி.வி.சி. பட்டைகளால் சீலிங் போடுகிறார்கள். அந்தப் பொருள் 80 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். தெரிந்தவர் வீட்டில் ஹீட்டருக்கு மேலே இருக்கும் இரண்டு பட்டைகள் மட்டும் மஞ்சளாகி, நடுவில் தொய்ந்து நிற்கின்றன. எங்கள் கதவும் பி.வி.சி.தான், உள்பக்கமாகத் திறக்கும். திறந்துவைத்தால் கதவின் மேல்விளிம்பு ஹீட்டருக்கு நேர் கீழே, முன்பக்கமாக வந்து நிற்கும். அதனால் கதவைச் சாத்திய பிறகுதான் ஹீட்டர் போடுவது என்று வைத்திருக்கிறோம்.

அப்புறம் அந்த ஐ.பி.எக்ஸ்.4 என்கிற முத்திரை. வாங்கும்போது எல்லாரும் இதைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். எந்தத் திசையிலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். ஆனால் பீய்ச்சி அடித்தால் தாங்கும் என்று அது சொல்லவில்லை. நீராவியைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. சூடான பெட்டி ஆறும்போது சுற்றியிருக்கும் ஈரக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், அது உள்ளேயே குளிர்ந்து துளியாகும். மேலும் அந்த முத்திரை, பெட்டியைக் கையேட்டில் சொன்னபடி மாட்டினால்தான் செல்லும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு காலையில், மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. விழ ஆரம்பித்தது. ஹீட்டர் மட்டும் போட்டால் விழாது, கீசர் மட்டும் போட்டாலும் விழாது. இரண்டும் சேர்ந்து ஓடினால் டப்பென்று வீடு முழுக்க இருட்டு. மாட்டித் தந்தவர் வந்து பார்த்துவிட்டு, "இது ரொம்ப சென்சிட்டிவ் சார், எடுத்துட்டு சாதா எம்.சி.பி. போட்டுடலாம்" என்றார். அவரை அனுப்பிவிட்டு, கசிவு மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் இன்னொருவரைப் பிடித்தேன்.

அவர் அளந்ததில் ஹீட்டரில் 14 மில்லி ஆம்பியர் கசிந்தது. கீசரில் 6. எங்கள் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் உள்ளது. 30 ஆனால் கட்டாயம் விழ வேண்டும், ஆனால் 15-ஐத் தாண்டிவிட்டாலே விழக்கூடும், அது பழுதல்ல. தனித்தனியாக ஓடும்போது இரண்டும் 15-க்குக் கீழே, சேர்ந்தால் 20. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. எம்.சி.பி. போட்டிருந்தால் இந்தக் கசிவு அதன் கண்ணிலேயே பட்டிருக்காது. ஒயர் சூடாகும் அளவுக்கு மின்சாரம் பாய்ந்தால்தான் அது விழும். ஈர உடம்பு வழியே ஓடி ஆளைக் கொல்லப் போதுமான மின்சாரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஹீட்டரின் மூடியைக் கழற்றினோம். ஒயர் சீலிங்கிலிருந்து சுவர் வழியாக இறங்கி, பெட்டியின் பின்பக்கத் துளைக்குள் மேலிருந்தே நேராக நுழைந்திருந்தது. துளையில் இருக்க வேண்டிய ரப்பர் புஷ்ஷைக் காணோம். சீலிங்கில் படிந்த ஆவி துளித்துளியாக ஒயரைப் பிடித்துக்கொண்டு இறங்கி உள்ளே போயிருக்கிறது. ஒயர்களை இணைக்கும் கனெக்டர் மேல் துருநிறத்தில் ஒரு கோடு, எர்த் திருகில் பச்சைப் பொடி. கனெக்டரை மாற்றி, பெட்டியைக் காயவைத்து, ஒயரைப் பெட்டிக்குக் கீழே வரை இறக்கி, ஒரு வளைவு கொடுத்துக் கீழிருந்து மேலே நுழைத்து, புதிய புஷ் போட்டார். இப்போது துளி வந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும். அதன் பிறகு கசிவு மீட்டரில் சொல்லும்படி எதுவும் வரவில்லை. ஆர்.சி.சி.பி.யும் விழவில்லை. டெஸ்ட் பொத்தானை மாதாமாதம் அழுத்திப் பார்க்கிறேன்.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். பொருளின் குற்றம் அல்ல, மாட்டியவரின் குற்றம். மன்னிக்க முடியாதது அந்தக் கயிறு.

பாத்ரூமுக்குள் ஈரக்கையால் சாதாரண சுவிட்சைத் தொடக் கூடாது என்பதற்காகத்தான் கயிறு. நல்ல யோசனை. ஆனால் இந்தக் கயிற்றுச் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எதுவும் காட்டுவதில்லை. குழாய் எரிந்தால்தான் தெரியும். கரண்ட் இல்லாதபோது? மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது எங்கள் ஊரில் சகஜம். குளித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். வெளியே வரும்போது அம்மா பழக்கத்தில் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு வருவார். அது அணைந்ததா, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனதா? அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு கரண்ட் வந்தால், திறந்து கிடக்கும் பி.வி.சி. கதவுக்கு மேலே 1200 வாட் தானாக எரியும். ஒருநாள் அப்படித்தான் எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் ஆள் இருந்ததால் தப்பித்தோம்.

போதாக்குறைக்கு, கயிறு ஈரத்தில் கறுத்துப்போகும். பையன் வேகமாக இழுத்ததில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து, இழுத்தால் 'டிக்' சத்தம் வரும், நிலை மாறாது. சமீபத்தில் அதை மாற்றினோம். புதிய சுவிட்சிலும் அதே சக்கரம்தான்.

இப்போது கயிற்றைக் கிட்டத்தட்ட ஓய்வுபெற வைத்துவிட்டேன். பாத்ரூமுக்கு வெளியே, கதவுக்கு அருகில், 20 ஆம்பியர் டி.பி. சுவிட்ச் இருக்கிறது. சாதாரண சுவிட்ச் ஒரு ஒயரை மட்டும் துண்டிக்கும். எங்காவது பேஸும் நியூட்ரலும் மாறிப்போயிருந்தால், அணைத்த பிறகும் ஹீட்டருக்குள் கரண்ட் நிற்கும். டி.பி. இரண்டையும் துண்டிக்கும். கரண்ட் இல்லாவிட்டாலும் அதன் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே நிலை தெரியும். அதற்கு அடுத்து, முறுக்கிவிடுகிற ஸ்பிரிங் டைமர் ஒன்றையும் சேர்த்திருக்கிறேன், 16 ஆம்பியர் தாங்குவது, கோயம்புத்தூரில் தேடிப் பிடித்தது. 15 நிமிடத்துக்கு மேல் ஓடவிடாது. ஸ்பிரிங் என்பதால் கரண்ட் போனாலும் அது பாட்டுக்குத் திரும்பி வந்து பூஜ்யத்தில் நிற்கும். கரண்ட் வந்தபின் ஹீட்டர் தானாக எரியாது. அது டிக்டிக் என்று ஓடுவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அவசரப்படுத்துகிறதாம்.

ஆக, சூட்டுக்கு முழு மார்க். சுவிட்சுக்கு மார்க்கே கிடையாது. வெளியே போட்ட டி.பி., டைமர், தனி ஒயர் எல்லாம் சேர்த்தால் ஹீட்டரின் விலையைத் தாண்டிவிட்டது. இந்தக் கோபத்தில் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். ஜனவரி காலையில் கேட்டால் வேறு பதில் வரும்.

நண்பருக்கு: உன் பாத்ரூம் இன்னும் பூசவில்லை என்றால் நீ அதிர்ஷ்டசாலி. கயிறு இல்லாத மாடலாகப் பார். பூசுவதற்கு முன்பே கதவுக்கு வெளியே டி.பி.க்கும் டைமருக்கும் பெட்டி பதித்து, தனி ஒயர் இழுத்துவிடு. பி.வி.சி. சீலிங் போடுவதாக இருந்தால், அது எத்தனை அடி உயரத்தில் வருகிறது, ஷவர் எந்தச் சுவரில், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று அளந்து எனக்கு அனுப்பு. ஷவரிலிருந்து 4 அடி தள்ளி இடம் மிஞ்சவில்லை என்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம்.