ஸ்கிரீனிங் போதுமா, பேனல் வேண்டுமா?

இரத்தம் ஏற்றுமுன், நோயாளியின் பிளாஸ்மாவில் பிறர் சிவப்பணுக்களைத் தாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் சோதனைகள் இவை இரண்டும். சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களின் ஆய்வகத்தில் சேரும் இளையோருக்கு வரும் குழப்பம் இது.

அணுக்கள்: ஸ்கிரீனிங்கில் ஓ வகைச் சிவப்பணுக்கள் 2 அல்லது 3, பேனலில் பெரும்பாலும் 11.
விடை: முன்னது ஆன்டிபாடி இருக்கிறதா என்று சொல்லும், பின்னது அது எது என்று சொல்லும்.

பேனலை வாசிப்பது நீக்கிக்கொண்டே போவதுதான். மூன்று பிள்ளை பெற்ற அக்கா ஒருவரின் பிளாஸ்மாவுடன் 3 அணுக்கள் திரண்டன, 8 திரளவில்லை என்று வையுங்கள். திரளாதவற்றிலிருந்து தொடங்க வேண்டும்: அவற்றின் மேலுள்ள c, Jka, E போன்ற ஆன்டிஜென்களுக்கு எதிரான ஆன்டிபாடி அக்காவிடம் இருந்திருந்தால் அவை திரண்டிருக்கும். அவற்றில் ஒன்றில் c இரட்டை அளவில் இருந்தால், c-யைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். ஆனால் Jka, Jkb இரண்டும் கொண்ட அணு திரளவில்லை என்பதற்காக Jka-வை அடிக்காதீர்கள். அதில் Jka ஒற்றை அளவுதான். பலவீனமான ஆன்டிபாடி அங்கே ஒளிந்துகொள்ளும். Jka மட்டுமே கொண்ட அணுவும் திரளாதபோதுதான் அடிக்கலாம். இப்படி எல்லாம் போய் E மட்டும் மிஞ்சுகிறது. திரண்ட மூன்றிலும் E இருக்கிறது, மற்ற எட்டில் இல்லை. பிறகு அக்காவின் சொந்த அணுக்களில் E இல்லை என்று பார்க்க வேண்டும். கடந்த 3 மாதங்களில் இரத்தம் ஏற்றியிருந்தால், கொடையாளர் அணுக்கள் கலந்து இந்தச் சோதனை ஏமாற்றும்.

நம் வட்டாரத்துக்கு ஒன்று: Mia என்ற ஆன்டிஜென் கொண்ட அணு இல்லாத ஸ்கிரீனிங் தொகுப்பு, அதற்கு எதிரான ஆன்டிபாடியைத் தவறவிடும். Mia உள்ள தொகுப்பையே வாங்குங்கள்.

ஸ்கிரீனிங்கில் ஒன்றும் வராதவருக்குப் பேனல் தேவையில்லை. வந்தவருக்கு ஸ்கிரீனிங்கைத் திரும்பச் செய்வதில் பயனில்லை. மாதிரியைப் பேனலுக்கு அனுப்பி, இந்த அக்காவுக்கு E இல்லாத இரத்தம் கேளுங்கள்.