பயமா, பேராசையா: இரண்டு மானிகள்

சிஎன்என் வெளியிடும் அச்சம்-பேராசைக் குறியீடு அமெரிக்கப் பங்குச் சந்தைக்கானது. ஏழு அளவுகள், ஏழுக்கும் சம எடை. 500 பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பங்குக் குறியீடான எஸ்&பி 500 தன் 125 நாள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது அதில் ஒன்று. ஒவ்வொரு அளவும் தன் வழக்கமான நிலையிலிருந்து விலகும் தூரம் 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாகிறது, அவற்றின் சராசரிதான் குறியீடு. 0 என்றால் உச்சப் பயம், 100 என்றால் உச்சப் பேராசை.

alternative.me தளத்தின் கிரிப்டோ குறியீடு வேறு ரகம். விலையின் ஏற்ற இறக்கத்துக்கு 25%, வேகத்துக்கும் வர்த்தக அளவுக்கும் சேர்த்து 25%, சமூக ஊடகப் பேச்சுக்கு 15%. பிட்காயின் சரிந்தால் மூன்றும் சேர்ந்தே ஆடும். ஒரே செய்தியை மூன்று வாயால் கேட்பதுபோல.

இரண்டில் சிஎன்என் பக்கமே நான் சாய்வேன். ஆப்ஷன், கடன் பத்திரச் சந்தைகளின் சாட்சியமும் அதில் உண்டு. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானதற்கு இரண்டு நாள் கழித்து, 2008 செப்டம்பர் 17 அன்றைய கணக்கில் அது 12. எல்லோரும் நடுங்குகிறார்கள் என்று அன்று எஸ்&பி 500-ஐ 1,156 புள்ளியில் வாங்கியவர், 2009 மார்ச்சில் 676-ஐப் பார்த்திருப்பார். பயம் இருந்தது உண்மை. அது எப்போது தீரும் என்பதை மானி சொல்லவில்லை.