மிச்சப் பாலை உறை ஊற்றுவதா, கிண்டுவதா?

இரவு எட்டு மணிக்குக் கேனில் 19 லிட்டர் பால் நிற்கிறது. எங்கள் கடையில் அநேகமாக தினமும் இந்தக் கேள்வி வரும்: எவ்வளவு தயிருக்கு, எவ்வளவு பால்கோவாவுக்கு? பனீரும் உண்டு. ஆனால் 10 லிட்டர் பசும்பாலில் ஒன்றரை கிலோதான் கிடைக்கும், வாங்குவதற்கு ஹோட்டல் ஆர்டரும் வேண்டும். அதனால் அதைத் தள்ளி வைக்கிறேன்.

முதல் வேலை பாலைச் சோதிப்பது. ஒரு கரண்டிப் பாலைச் சின்னக் கிண்ணத்தில் கொதிக்க விடுங்கள். ஓரத்தில் சிறிது திரிந்தாலும் அந்தக் கேன் பால் தயிருக்கும் ஆகாது, கோவாவுக்கும் ஆகாது. புளிப்பை மறைக்கச் சிலர் சோடா மாவு போடுகிறார்கள். அது கலப்படம், அதைச் செய்யவே கூடாது. திரியாத பாலை உடனே காய்ச்சிவிட வேண்டும். முடிவைப் பிறகு எடுக்கலாம்.

இப்போது கணக்கு. பாலை லிட்டர் 40 ரூபாய்க்கு வாங்குகிறோம். இரண்டுக்கும் அது பொது என்பதால் கீழே அதைக் கழிக்கவில்லை. 10 லிட்டரைக் காய்ச்சி உறை ஊற்றினால் ஒன்பதரை கிலோ தயிர் வரும். கிலோ 70 வீதம் 665 ரூபாய். எரிவாயு, உறைமோர் எல்லாம் சேர்த்து 30 ரூபாய் போனால் கையில் 635.

அதே 10 லிட்டரை ஒரு கிலோ சர்க்கரை போட்டுக் கிண்டினால் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ பால்கோவா வரும். கிலோ 360 என்றால் 990 ரூபாய். சர்க்கரைக்கு 45 போகும். ஏழரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வற்ற வேண்டுமே, எரிவாயு ஒரு கிலோ வரை பிடிக்கும், அது 100 ரூபாய். இரண்டு மணி நேரம் அடிபிடிக்காமல் கிண்டுபவருக்கு 200. மிஞ்சுவது 645.

பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். விற்காமல் நின்றுபோகும்போதுதான் வித்தியாசம் தெரியும். பால்கோவா நாலைந்து நாள் தாங்கும். தயிர் மறுநாள் மாலையே புளிக்கத் தொடங்கிவிடும். புளித்த தயிரைக் கடைந்தால் கிலோவுக்கு 40 கிராம் வெண்ணெய், அதோடு மோர், ஆக 30 ரூபாய்க்கு மேல் தேறாது. பால் வாங்கிய காசு கூட வராது. ஆகவே தயிரில் ஊற்றும் கடைசி லிட்டர் ஏறக்குறைய நிச்சயமாக விற்கும் என்றால்தான் ஊற்றலாம். பத்து நாளில் ஒன்பது நாளாவது அது விற்க வேண்டும்.

ரொம்ப நாள் நான் தயிரைச் சராசரி பார்த்துத்தான் ஊற்றினேன். வாரத்தில் இரண்டு நாள் வெண்ணெய்க்குக் கடைய வேண்டியிருந்தது. இப்போது நோட்டில் அந்தந்தக் கிழமையைத் தனியாக எழுதுகிறேன். கடந்த ஐந்து புதன்கிழமை விற்றது 11, 14, 12, 9, 13 கிலோ. சராசரி கிட்டத்தட்ட 12. ஆனால் நான் பார்ப்பது அடிமட்டத்தை. 10 லிட்டருக்கு உறை ஊற்றினால் மிக மோசமான புதனில்கூட அரைக்கிலோதான் மிஞ்சும். நல்ல நாளில் மதியமே தீர்ந்துவிடும். அதனால் வழக்கமான வீடுகளுக்குக் காலையிலேயே எடுத்து வைத்துவிடுவேன். மீதி 9 லிட்டர் வாணலிக்குப் போகிறது.

முகூர்த்த நாளும் புரட்டாசிச் சனியும் இந்தக் கணக்கில் சேராது. அன்றைக்குத் தயிர் கேட்டு வருபவர்கள் அதிகம், தாராளமாக ஊற்றலாம். அடைமழை நாளில் தயிரைக் குறைக்க வேண்டும்.

தயிரில் நேரமும் முக்கியம். சித்திரையில் எட்டு மணிக்கே உறை ஊற்றினால் நடு இரவுக்குள் உறைந்து, விடியும்போது புளிப்பு ஏறியிருக்கும். கோடையில் பதினொரு மணிக்கு, விரல் தாங்கும் சூட்டில், 10 லிட்டருக்கு 100 கிராம் உறைமோர் போதும். மார்கழியில் 200 கிராம் வரை போட்டு, பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி வைத்தால்தான் காலைக்குள் கெட்டியாகும்.

பால்கோவாவுக்கும் ஒரு எல்லை உண்டு. எங்கள் கடையில் வாரம் ஐந்து கிலோதான் போகும். ஏற்கெனவே டப்பாவில் மூன்று கிலோ இருந்தால் புதிதாகக் கிண்டுவதில் அர்த்தமில்லை. அப்புறம், எட்டு லிட்டருக்குக் குறைவாக வாணலி ஏற்றுவதும் வேண்டாம். நாலு லிட்டருக்கும் ஆள் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும், கூலி பெரிதாகக் குறையாது. 14 லிட்டர் மட்டும் மிஞ்சும் இரவில் 10 லிட்டரைத் தயிருக்கு ஊற்றுவேன். மீதி நாலு லிட்டரைக் காய்ச்சி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். விடியற்காலை டீக்கடைக்காரர் லிட்டர் 45 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார். லாபம் குறைவுதான், ஆனால் பால் வாங்கிய காசும் காய்ச்சிய செலவும் வந்துவிடும்.