நான்கு ஆண்டு இருப்புக் கணக்கு: எல்லாக் குறையையும் விழுங்கிய உமிக் கட்டம்

எங்கள் ஆலையில் இருப்புக் கணக்குக்காக ஒரு கணினி நிரலை வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. புழுங்கல் அரிசி அரைக்கும் ஆலை. நெல் வரவு, அரவை, அரிசி, குருணை, தவிடு, உமி, கிடங்கு இருப்பு ஆகிய அனைத்தையும் அதில்தான் எழுதுகிறேன். நிரலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வரும் குறை அந்த ஒரு நிரலுக்கு மட்டும் உரியதல்ல; கையால் எழுதிய பழைய பதிவேட்டிலும் இதே குறை இருந்தது.

முதல் இரண்டு ஆண்டுகள் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அரவைக்குப் போன நெல்லின் எடையும், வெளியே வந்த பொருள்களின் எடையும் கிலோ சுத்தமாக ஒத்துப்போகும். முதலாளிக்கு மகிழ்ச்சி, எனக்குப் பெருமை. அப்படி ஒத்துப்போனதுதான் தவறு என்று புரிய இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

நிரல் செய்தது இவ்வளவுதான்: நெல் எடையை நான் கொடுக்கிறேன், அரிசி, குருணை, தவிடு எடைகளையும் கொடுக்கிறேன். மிஞ்சியதை அது உமி என்று எழுதிக்கொள்கிறது. பெரும்பாலான ஆலைகளில் உமியை யாரும் எடை போடுவதில்லை. சுழல்பிரிப்பானிலிருந்து நேரே கொதிகலன் அடுப்புக்குப் போய்விடும், மிஞ்சினால் லாரிக்காரர் அள்ளிச் செல்வார். ஆகவே கணக்கில் உமி என்பது ஒரு பொருளாக இல்லாமல், மற்றதெல்லாம் போக எஞ்சியதைப் போட்டுவைக்கும் பெட்டியாக ஆகிவிடுகிறது. உலர்த்தும்போது போன ஈரம், தூசி, பதர், சாக்கு எடையைக் கழிக்காத பிழை, ஏன், திருட்டே நடந்தாலும் அதுவும் உமியாகிவிடும்.

மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் உமி வாங்க வந்த ஒருவர், மாதம் எவ்வளவு உமி தேறும் என்று கேட்டார். நான் நிரலைப் பார்த்துச் சொன்னேன். அவர் எங்கள் அரவை அளவைக் கேட்டுவிட்டு, "ஐயா, நெல்லில் கால் பங்குக்கு மேலா உமி இருக்கிறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நல்ல நெல்லில் உமி ஐந்தில் ஒரு பங்கும் சற்று மேலும்தான் இருக்கும் என்பது கையால் நூறு நெல்லை உரித்துப் பார்த்த எவருக்கும் தெரியும். எங்கள் கணக்கில் 27 சதவீதம் நின்றது.

அந்த வாரமே ஒரு லோடு நெல்லைத் தனியாக ஓட்டிப் பார்த்தோம். முன்னும் பின்னும் இயந்திரங்களைக் காலி செய்து, உமியை அடுப்புக்கு விடாமல் டிராக்டர் பெட்டியில் பிடித்து, ஒவ்வொரு நடையையும் எடைமேடையில் ஏற்றினோம். முழுப் பகல் போயிற்று. ஓட்டுநர் முணுமுணுத்தார்.

வந்த நெல் 20,000 கிலோ, ஈரப்பதம் 16.5 சதவீதம். சுத்தம் செய்யும் சல்லடையில் பதர், வைக்கோல் துணுக்கு, மண், கல் என்று 300 கிலோ கழிந்தது. மீதி 19,700 கிலோ ஊறி, அவிந்து, உலர்ந்து 13 சதவீத ஈரத்துக்கு வந்து அரவைத் தொட்டியில் விழுந்தபோது எடை 18,780 கிலோ. அதாவது ஓர் அரிசிகூட உரிபடும் முன்பே 1,220 கிலோ இல்லாமல் போயிருந்தது. யாரும் எடுக்கவில்லை; அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆவியாகப் போன தண்ணீர்.

இந்த ஈரக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். 16.5-லிருந்து 13-ஐக் கழித்தால் 3.5, ஆகவே எடையில் 3.5 சதவீதம் குறையும் என்று நினைப்போம். அப்படியானால் 690 கிலோ. ஆனால் ஈரப்பதச் சதவீதம் மொத்த எடையின்மேல் சொல்லப்படுவது. மொத்த எடையே குறைந்துகொண்டு வருகிறது. மாறாமல் நிற்பது ஈரம் நீங்கிய சத்து மட்டுமே. அதைப் பிடித்துக் கணக்கிட்டால் 793 கிலோ குறையும். ஒரு லோடுக்கு நூறு கிலோ வித்தியாசம். அதன்பின் நிரலுக்குப் பக்கத்தில் ஒரு விரிதாள் வைத்துக்கொண்டேன். B2-இல் சுத்தம் செய்த நெல் எடை, C2-இல் வந்தபோதிருந்த ஈரம், D2-இல் உலர்த்திய பின் ஈரம்:

```
=B2*(100-C2)/(100-D2)
```

இது 18,907 என்று காட்டியது. தொட்டியில் விழுந்தது 18,780. இடையில் உள்ள 127 கிலோ ஊறல் தண்ணீரில் கரைந்ததும் வழியில் சிந்தியதும். ஊறல் தண்ணீர் மஞ்சளாகிக் கள் வாடை அடித்தால் அதில் சத்துக் கரைந்திருக்கிறது என்று பொருள். நெல்லை அதிக நேரம் ஊற விட்ட நாள்களில் இந்த எண் ஏறுவதைப் பின்னாளில் பார்த்தேன்.

இனி அரவை. அரிசி, குருணை, நிறம் பிரிக்கும் இயந்திரம் ஒதுக்கிய கறுப்பு எல்லாம் சேர்த்து 13,410 கிலோ. தவிடு 1,130. எடை போட்ட உமி 4,010. கூட்டினால் 18,550, தொட்டிக் கணக்குக்கு 230 கிலோ குறைகிறது. முதலில் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றின் ஈரத்தையும் தனித்தனியே பார்த்தேன். அரிசியில் 12.8, தவிட்டில் 10.5, உமியில் 10 சதவீதம். ஒரே நெல்லிலிருந்து வந்தாலும் உமி எப்போதும் அரிசியைவிட உலர்ந்தே இருக்கும். தீட்டும்போது ஏறும் சூடும் காற்றும் அரிசியிலிருந்தும் தவிட்டிலிருந்தும் கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரத்தைக் கழித்துச் சத்து எடையை மட்டும் ஒப்பிட்டபோது உள்ளே போனது 16,339, வெளியே வந்தது 16,314. வித்தியாசம் 25 கிலோ. அன்று மாலை தரையைக் கூட்டி அள்ளிய தூசியையும், தூசிப் பைகளில் தங்கியதையும் பார்த்தால் அது நியாயம்தான்.

அதே லோடை நிரல் எப்படி எழுதியிருக்கும்? 20,000-இல் அரிசியும் தவிடும் போக 5,460 கிலோ உமி. உண்மையான உமியைவிட 1,450 கிலோ அதிகம். அவ்வளவு பெரிய போர்வைக்குள் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம்.

அதன்பின் லோடு முழுவதையும் எடை போடவில்லை, அது நடக்கிற காரியமல்ல. வாரம் ஒரு முறை, ஓட்டம் சீரான பின் ஒரு மணி நேரம் மட்டும் உமியைச் சாக்குகளில் பிடித்து எடை போடுகிறோம். அதே ஒரு மணி நேரத்தில் தொட்டியிலிருந்து இறங்கிய நெல்லோடு ஒப்பிடுகிறோம். எங்கள் வழக்கமான எண் 21 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ரகம் மாறினால் கொஞ்சம் நகரும். அதற்காக ரகம் மாறும்போதெல்லாம் கையால் உரித்தும் பார்ப்பேன்.

இந்தப் பழக்கம் ஒரு முறை தன் செலவுக்கு மேலேயே சம்பாதித்தது. ஒரு வாரம் உமி 23.4 சதவீதம் காட்டியது. அரிசித் தேறலும் அந்த வாரம் குறைந்திருந்தது. எல்லோரும் நெல் சரியில்லை என்றார்கள். பழைய முறையில் நானும் அதையே சொல்லியிருப்பேன், ஏனெனில் அரிசி குறைந்தால் உமி தானாகக் கூடிக் கணக்கு ஒத்துப்போயிருக்கும். ஒரு பிடி உமியை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். உமி மிதந்தது, அடியில் முழு நெல்லும் உரிந்த அரிசியும் தங்கின. உமி உறிஞ்சும் விசிறியின் காற்றுத் தடுப்பைப் பழுதுபார்த்த ஆள் அதை முழுவதும் திறந்து விட்டிருந்தார். நல்ல தானியம் உமியோடு பறந்து அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. தடுப்பைக் கால் பங்கு மூடியதும் மறுநாளே எண் இறங்கிவிட்டது. தவிட்டுக்கும் இதே போல ஒரு சோதனை உண்டு: மெல்லிய சல்லடையில் சலித்தால் குருணை தங்குகிறதா என்று பார்ப்பது. தங்கினால் தீட்டும் இயந்திரத்தின் சல்லடை கிழிந்திருக்கிறது. தவிட்டின் இருப்பில் வேறு சிக்கல் இல்லை. எண்ணெய் கெட்டுக் காறல் அடிக்குமுன் விற்றாக வேண்டியதால் அது இரண்டு நாளுக்கு மேல் கிடங்கில் தங்குவதே இல்லை.

அரிசிக் கிடங்கில் வந்த குறைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. 400 சிப்பம் கொண்ட ஓர் அடுக்கைக் கோடையில் பிரித்து ஏற்றியபோது 340 கிலோ போலக் குறைந்தது. கிடங்குக் காவலர்மேல் சந்தேகம் எழுந்தது. சிப்பங்களின் தையல் பிரியவில்லை, எண்ணிக்கையும் சரி. ஒவ்வொன்றும் 50 கிலோவுக்குப் பதில் 49.1, 49.2 என்று நின்றது. திருடுகிறவர் நானூறு சிப்பத்திலும் ஒரே அளவாக எடுக்க மாட்டார். உலர்த்தி இயக்குபவரிடம் போய், ஈரம் எப்போது பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். இறக்கும்போதே, சூடாக, என்றார். அவித்த நெல்லின் மேற்புறம் முதலில் காய்ந்துவிடும், நடுவில் ஈரம் நிற்கும். சூடாக இருக்கும்போது ஈரமானி 13 என்று காட்டிய அதே மாதிரி, மூடிய டப்பாவில் நான்கு மணி நேரம் ஆறிய பின் 14.5 காட்டியது. 14.5-இல் கட்டிய 50 கிலோ, 13-க்கு வந்தால் 49.14 கிலோ. நானூறு சிப்பத்துக்கு 345 கிலோ. காவலரிடம் நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஈரமானியில் பச்சை நெல்லுக்கும் அவித்த நெல்லுக்கும் வெவ்வேறு அளவுகோல் இருப்பதையும் அன்றுதான் கவனித்தேன். அதுவும் தவறாகவே வைக்கப்பட்டிருந்தது.

நெல் கிடங்கைப் பொறுத்தவரை, அடுக்கில் மூட்டைகளை எண்ணிச் சராசரி எடையால் பெருக்குவது இருப்பு அல்ல, ஊகம். ஓர் அடுக்கின் உண்மையான கணக்கு அது தரை தெரியக் காலியாகும் நாளில்தான் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு அடுக்குக்கும் தனி எண் கொடுத்து, உள்ளே போன எடையையும் ஈரத்தையும், வெளியே வந்த எடையையும் ஈரத்தையும் எழுதி, காலியான அன்றே அதன் கணக்கை மூடிவிடுகிறேன். வித்தியாசத்தில் ஈரம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று அப்போதே பிரித்துவிடலாம். ஈரம் விளக்காத குறை அரைச் சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் தேடுகிறேன்; எலி, சிந்தல், மூட்டை ஓட்டை எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

நிரலை மாற்றினோமா என்றால், இல்லை. பில் போடவும் சிப்பக் கணக்குக்கும் அது நன்றாகவே உழைக்கிறது. ஈரம் எழுத அதில் இடமே இல்லை என்பது மட்டும் இன்றும் எரிச்சலூட்டுகிறது. மாதக் கடைசியில் ஊறல் தொட்டியில் நெல் கிடந்தால் அதை எந்த எடையில் எழுதுவது என்றும் அதற்குத் தெரியாது. அதனால் இருப்பெடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு தொட்டியையும் உலர்த்தியையும் காலியாக விடச் சொல்லிவிடுகிறேன். நிரலைச் செய்தவரிடம் கேட்டு ஒரே ஒரு மாற்றம் வாங்கினேன். உமி என்றிருந்த கட்டம் இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது: ஒன்றில் எடை போட்ட உமி. அடுத்ததின் தலைப்பு, "விளக்க வேண்டிய மீதி".