போன் திரை, ஷேட் கார்டு, கடை வெளிச்சம், வீட்டுச் சுவர்: எந்த நிறத்தை நம்புவது?

சுவருக்கு நீலம் கலந்த சாம்பல் பெயின்ட், அதோடு ஒத்துப்போகும் கர்ட்டன் துணி. இந்த ஜோடியைத் தேர்ந்தெடுக்க நான்கு வழிகள் இருக்கின்றன. போனில் பார்த்து முடிவு செய்யலாம். ஷேட் கார்டைப் பார்க்கலாம். கடையில் துணியையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். சாம்பலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பளிச்சென்ற நிறத்தில் சின்ன மாற்றம் கண்ணில் படாமல் போய்விடும். சாம்பலிலோ கொஞ்சம் பச்சை ஏறினாலும் ஊதா ஏறினாலும் உடனே தெரிந்துவிடும்.

முதலில் போன். இதில் இரண்டு இடங்களில் நிறம் மாறுகிறது, ஒன்று கேமராவில், இன்னொன்று திரையில். கேமராவுக்குள் இருக்கும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அறையில் எந்த மாதிரி வெளிச்சம் இருக்கிறது என்று படத்தை வைத்தே ஊகிக்கிறது. நீலச் சாம்பல் துணியை மட்டும் படம் முழுக்க நிரப்பி எடுத்தால், வெளிச்சம்தான் நீலமாக இருக்கிறது என்று அது எடுத்துக்கொண்டு நீலத்தைக் குறைத்துவிடக்கூடும். அதனால்தான் ஒரே துணி கிட்டத்தில் எடுத்த படத்தில் வெறும் சாம்பலாகவும், அறையோடு சேர்த்து எடுத்த படத்தில் நீலமாகவும் வருகிறது. விற்பவரிடம் படம் கேட்பதாக இருந்தால், துணியின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால், துணியின் நிறமும் அதே பக்கம் நகர்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

திரையின் சிக்கல் வேறு. துணியும் சுவரும் தங்கள் மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. போனோ தானே ஒளியைக் கக்குகிறது, அதுவும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றை மட்டும் கலந்து. அந்தக் கலவையால் எட்டவே முடியாத நிறங்கள் உண்டு. மயில்கழுத்து நிறம், ஆழ்ந்த பச்சை-நீலம் போன்றவை சாதாரணத் திரையில் சோகையாகத்தான் வரும். இதற்கு மேல் நிறங்களைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ அமைப்பும், இரவில் தானாக மஞ்சளாக்கும் கண் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்துகொள்கின்றன. முதல் வேலையாக இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவு குறை இருந்தும் போன் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பச்சைச் சாம்பல் பிடிக்கவில்லை, நீலச் சாம்பல் போதும் என்று கழித்துக்கொண்டே வருவதற்கு அது நல்ல கருவி. நெருங்கிய இரண்டு ஷேடுகளில் எது என்று அதில் முடிவு செய்வதுதான் ஆபத்து.

ஷேட் கார்டு கையில் பிடித்துப் பார்க்கும் பொருள் என்பதால் போனைவிட ஒரு படி மேல். ஆனால் கட்டம் சின்னது. அதே நிறம் நான்கு சுவரிலும் ஏறும்போது ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவரில் மறுபடி பட்டு நிறம் அழுத்தமாகத் தெரியும். கார்டில் மிதமாகத் தெரிந்த நீலம் அறையில் ‘இவ்வளவு நீலமா?’ என்று கேட்க வைப்பது இதனால்தான். பக்கத்துக் கட்டங்களும் கண்ணை ஏமாற்றும். ஒரு வெள்ளைத் தாளில் கட்டத்தின் அளவுக்கு ஓட்டை வெட்டி, மற்றவற்றை மறைத்துப் பாருங்கள். வெயில் படும் இடத்தில் பல மாதம் மாட்டியிருந்த கார்டு வெளுத்திருக்கலாம், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மூன்றாவது வழிதான் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது. துணியும் கார்டும் பக்கத்தில், இரண்டும் அச்சு அசலாக ஒன்று. இதில் என்ன தப்பு வரமுடியும்?

நிறையவே வரும். துணியில் இருப்பது சாயம், பெயின்டில் இருப்பது நிறமித் தூள். இரண்டும் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதமே வேறு. நம் கண்ணோ நிறத்தை மூன்று வகை உணர்செல்களை வைத்துத்தான் அறிகிறது. ஆகவே வெவ்வேறு ஒளிக்கலவைகள் ஒரு குறிப்பிட்ட விளக்கின் கீழ் ஒரே நிறமாகத் தோன்றலாம், விளக்கு மாறியதும் பிரிந்துவிடும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். பல நீலச் சாயங்கள் நீலத்தோடு அடர்சிவப்பு ஒளியையும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். கடையின் குளிர்ந்த வெள்ளை எல்இடியில் அந்தச் சிவப்பு மிகக் குறைவு, அதனால் தெரியாது. சிவப்பு மிகுந்த வெளிச்சத்தில், குறிப்பாகப் பழைய இழை பல்பின் கீழ், அதே துணி ஊதா சாய ஆரம்பிக்கும். சுவர் அப்படியே சாம்பலாக நிற்கும்.

துணி ஆலைகளில் நிறம் சரிபார்ப்பவர்கள் இதை ஒரு விளக்கோடு விடுவதில்லை. பெட்டி போன்ற ஒரு கூண்டுக்குள் பகல் வெளிச்சத்தைக் குறிக்கும் டி65, கடை வெளிச்சத்தைக் குறிக்கும் டிஎல்84, இழை பல்பைக் குறிக்கும் ‘ஏ’ என்று விளக்குகளை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கடையில் நாம் செய்யக்கூடியது வாசல் வரை நடப்பது. விளக்கின் கீழும் வாசல் வெளிச்சத்திலும் ஜோடி சேர்ந்தே இருந்தால் பாதி நம்பலாம். மீதிப் பாதி வீட்டில்தான் தெரியும்.

கடைசி வழி அலுப்பானது, ஆனால் என் ஓட்டு அதற்குத்தான். பெயின்டில் சின்ன சாம்பிள் டின்னாகவும் துணியில் அரை மீட்டராகவும் வாங்குங்கள். உள்ளங்கை அளவுத் துண்டு போதாது. பெயின்டைப் பழைய நிறச் சுவரில் நேரடியாக அடிக்காமல், ஒரு பெரிய வெள்ளை அட்டையில் ஓரத்தில் வெள்ளை தெரிய இரண்டு கோட் அடியுங்கள். தண்ணீர் சேர்ந்த எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்ததும் ஒரு படி அடர்த்தியாகும். ஆகவே ஒரு நாள் விட்டுத்தான் தீர்ப்பு. அட்டையைப் படுக்க வைக்காமல் சுவரில் சாய்த்து, ஜன்னல் இருக்கும் சுவரிலும் அதற்கு எதிரிலும் மாற்றி வையுங்கள்.

துணியை மடிப்பு மடிப்பாகப் பிடித்துப் பாருங்கள். மடிப்பின் உள்பக்கம் அடர்ந்து தெரிவதால் மொத்த நிறமே ஒரு படி இறங்கும். பிறகு ஜன்னலில் தொங்கவிடுங்கள். பகலில் கர்ட்டன் வழியாக ஒளி ஊடுருவி வருகிறது. கடை மேசையில் நீங்கள் பார்த்தது அதன் மேல் பட்டுத் திரும்பிய ஒளி. மெல்லிய துணியில் இந்த இரண்டும் வேறு வேறு நிறமாகவே இருக்கும்.

நம் ஜோடியையே எடுத்துக்கொள்வோம். காலையில் ஜன்னல் பக்கம் ஒத்துப்போகிறது, இரவில் 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் துணி ஊதாவாகிறது என்று வையுங்கள். அதே நிறத்தில் வேறு துணி தேடி அலைவது வீண், வேறு சாயத்திலும் இதே கதை நடக்கலாம். சுவரைவிட இரண்டு படி அடர்ந்த துணிக்குப் போய்விடுங்கள். ஒன்றாக இருக்கவேண்டிய இரண்டு நிறங்கள் கொஞ்சம் விலகினால் குறையாகத் தெரியும். வேண்டுமென்றே விலக்கி வைத்த நிறங்கள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

சாம்பிள் சரியாக இருந்தும் வாங்கிய சரக்கு மாறுவதும் உண்டு. டின்களின் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வேறு என்றால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கலந்துகொண்டு அடிக்கச் சொல்லுங்கள். துணியும் ஒரே சாயத் தொகுதியில் வந்த ரோலில் இருந்து ஒரே தடவையாக வரவேண்டும். கத்தரி வைப்பதற்கு முன்பே, கையில் இருக்கும் சாம்பிள் துண்டை அந்த ரோலின் மேல் வைத்து வாசல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வெட்டிய துணியைக் கடைக்காரர் திரும்ப எடுப்பது சந்தேகம்தான்.